டிடக்டிபிள், சம் இன்ஷூர்டு, எக்ஸ்குளூஷன்: வாடிக்கையாளர் கடிதத்தில் எந்தத் தமிழ்ச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிசி முழுக்க இங்கிலீஷ்லதானே இருக்கு. கடிதத்துல மட்டும் தமிழ் வார்த்தைக்கு இவ்வளவு யோசிக்கணுமா?

பாலிசியை யாரும் படிப்பதில்லை, கடிதத்தைப் படிப்பார்கள். நாகர்கோவிலில் உட்கார்ந்து மருத்துவக் காப்பீட்டுக் கடிதங்களைத் தமிழில் எழுதுவதும் திருத்துவதும்தான் என் வேலை. மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கத்து ஏஜெண்டுகளும், ஆஸ்பத்திரிகளில் கிளெய்ம் பார்க்கிற பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரே வாடிக்கையாளருக்கு குறைந்தது மூன்று தாள்கள் போகின்றன. பாலிசி எடுக்கும்போது ஏஜெண்டு எழுதிக் கொடுக்கும் குறிப்பு, பாலிசியோடு வரும் தகவல் தாள், கிளெய்ம் முடிந்ததும் வரும் கணக்குக் கடிதம். 2024 ஜனவரி 1 முதல் மருத்துவப் பாலிசிகளுக்குப் புதிய வடிவில் தகவல் தாள் தர வேண்டும், வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டால் அதை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. சிகிச்சைச் செலவில் முதலில் வாடிக்கையாளரே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 25,000 ரூபாய் என்று வையுங்கள். அதற்கு முதல் தாளில் 'கழிவு', இரண்டாவதில் 'விலக்குத் தொகை', மூன்றாவதில் 'பிடித்தம்' என்று போனால், ஒரே 25,000 ரூபாயை மூன்று தடவை எடுத்துவிட்டதாகத்தான் அவர் நினைப்பார்.

டிடக்டிபிளுக்கு 'கழிவுத் தொகை'ன்னு போட்டா போதாதா? எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?

போடுகிறார்கள், அதனால்தான் சண்டையும் வருகிறது. கடைவீதியில் கழிவு என்றால் விலையில் குறைத்துத் தருவது. நம் மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் கலந்து புழங்குகிறவர்கள் நிறையப் பேர். மலையாளத்தில் 'கிழிவு' என்றாலும் தள்ளுபடிதான். 'இந்தப் பாலிசியில் 25,000 ரூபாய் கழிவு உண்டு' என்று எழுதினால் சலுகை கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். 'தள்ளுபடித் தொகை' இதைவிட மோசம். கடன் தள்ளுபடி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது நேர் எதிர்ப்பொருள் தரும்.

'பிடித்தம்' என்ற சொல்லில் வேறு சிக்கல். சம்பளப் பிடித்தம் என்றால் நமக்கு வர வேண்டிய பணத்தில் கை வைப்பது. டிடக்டிபிள் அப்படியில்லை. அந்த அளவு வரை செலவு நம்முடையது, அதற்கு மேல்தான் கம்பெனி வருகிறது என்பது பாலிசி எடுக்கும்போதே பேசி முடித்த விஷயம். பெரும்பாலும் அதற்காகத்தான் பிரீமியமும் குறைந்திருக்கும்.

அப்போ நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. என்ன போடலாம்?

'தன்பொறுப்புத் தொகை'. கேட்டதும் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தப்பாகப் புரியாது. யார் பொறுப்பு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, சலுகை மாதிரியும் ஒலிக்காது, அபராதம் மாதிரியும் ஒலிக்காது.

கடிதத்தில் முதல் தடவை வரும்போது மட்டும் நீட்டி எழுதுங்கள்: "உங்கள் பாலிசியில் 'டிடக்டிபிள்' என்று அச்சாகியிருக்கும் தன்பொறுப்புத் தொகை ரூ.25,000. சிகிச்சைச் செலவில் முதல் 25,000 ரூபாயை நீங்கள் ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட செலவுக்கே காப்பீடு பொருந்தும்." அதன் பிறகு கடிதம் முடியும் வரை தன்பொறுப்புத் தொகை மட்டும்தான். அழகுக்காக இடையில் 'உங்கள் சொந்தப் பங்கு' என்று மாற்றி எழுதக் கூடாது. பங்கு என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே வருகிறது.

அஞ்சு லட்சம் பாலிசி, 25,000 டிடக்டிபிள்னா, மொத்தம் கிடைக்கறது 4,75,000 தானே?

இல்லை. ஆணையத்தின் நிலையான வரையறையிலேயே, டிடக்டிபிள், கம்பெனி தரும் உச்சவரம்பான சம் இன்ஷூர்டைக் குறைக்காது என்று தனி வாக்கியமாக இருக்கிறது. 25,000 ரூபாய் கழிவது செலவுக் கணக்கிலிருந்து, ஐந்து லட்சத்திலிருந்து அல்ல. செலவு ஆறு லட்சம் ஆனால் தன்பொறுப்பு போக 5,75,000 நிற்கும். அதில் உச்சவரம்பான ஐந்து லட்சமும் கிடைக்கும்.

இந்தக் குழப்பம் வாடிக்கையாளர் தலையில் தானாக முளைப்பதில்லை, நாம் எழுதும் வினைச்சொல்லில் இருந்து வருகிறது. 'தன்பொறுப்புத் தொகை கழிக்கப்படும்' என்று நிறுத்திவிட்டால், எதிலிருந்து என்று அவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. கண்ணில் படும் பெரிய எண் ஐந்து லட்சம், அதில் கழித்துவிடுகிறார். 'ஏற்கப்பட்ட செலவிலிருந்து' என்ற இரண்டு சொல்லை எப்போதும் முன்னால் சேருங்கள்.

சம் இன்ஷூர்டுக்கு 'காப்பீட்டுத் தொகை'ன்னு எழுதறோம். அதுல என்ன குழப்பம் வரப் போகுது?

பத்திரிகையில் 'விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை வழங்கப்பட்டது' என்று வந்தால் அது கிளெய்ம் பணம். 'காப்பீட்டுத் தொகை கட்டியாச்சா?' என்று ஒருவர் கேட்டால் அது பிரீமியம். நம் கடிதத்தில் அதே சொல் உச்சவரம்பு. மூன்றுக்கும் ஒரே பெயர்.

இதற்காகப் புதுச் சொல் தேட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கம்பெனித் தாள்களில் 'காப்பீட்டுத் தொகை' பரவலாக அச்சாகிவிட்டது. அந்தச் சொல்லைச் சம் இன்ஷூர்டுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். கட்டுவது பிரீமியம், எல்லோருக்கும் தெரிந்த சொல். கம்பெனி தருவது 'வழங்கும் தொகை'. முதல் தடவை மட்டும் 'ஓராண்டில் அதிகபட்சம் கிடைக்கக்கூடிய காப்பீட்டுத் தொகை ரூ.5,00,000' என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் என்ற எண்ணம் போய்விடும்.

எல்ஐசி மாதிரி லைஃப் பாலிசில சம் அஷ்யூர்டுன்னு வருதே. ரெண்டும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு. மருத்துவக் காப்பீட்டில் ஆன செலவு எவ்வளவோ அவ்வளவுதான், அதுவும் உச்சவரம்புக்குள். ஆயுள் காப்பீட்டில் நிபந்தனை நிறைவேறினால் சொன்ன தொகை அப்படியே கிடைக்கும், செலவுக் கணக்கு எதுவும் கிடையாது. அதற்கு 'உறுதித் தொகை' என்று எழுதலாம். ஒரே ஏஜெண்டு இரண்டு வகைப் பாலிசியும் விற்கும்போது ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால், ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் 'ஐந்து லட்சம் எப்போ வரும்?' என்ற கேள்வி வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்.

கோ-பேயும் நம்ம கையில இருந்து போறதுதான், டிடக்டிபிளும் நம்ம கையில இருந்து போறதுதான். ஒரே வார்த்தை போட்டா என்ன?

ஒன்று ரூபாயில் நிற்கிறது, இன்னொன்று சதவீதத்தில் ஓடுகிறது. செலவு பெருகினாலும் தன்பொறுப்பு அப்படியே இருக்கும். செலவில் இத்தனை சதவீதம் நம்முடையது என்கிற கோ-பே கூடவே பெருகும். இதற்குத்தான் 'பங்கு' என்ற சொல்லை எடுத்து வைக்கச் சொன்னேன்: 'பங்குத் தொகை'.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பித்தப்பை அறுவைச் சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை 5,00,000, தன்பொறுப்பு 25,000, பங்கு 10 சதவீதம். பில் 1,80,000. அதில் கையுறை, பதிவுக் கட்டணம் மாதிரி பாலிசி தராத செலவு 8,000. மீதி 1,72,000 ஏற்கப்பட்ட செலவு. தன்பொறுப்பு 25,000 போனால் 1,47,000. இதில் பத்து சதவீதம் 14,700. வழங்கும் தொகை 1,32,300.

இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் 1,72,000-க்குப் பத்து சதவீதம் எடுத்தால் 17,200. அப்புறம் 25,000 போனால் வழங்கும் தொகை 1,29,800. வித்தியாசம் 2,500 ரூபாய். எந்த வரிசை என்பது அந்தந்தப் பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது, அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டுக்கும் 'உங்கள் பங்கு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் இந்த 2,500 ரூபாயைப் பற்றிக் கேட்க வாடிக்கையாளருக்கும் வழியில்லை, விளக்க உங்களுக்கும் வழியில்லை.

கடிதத்தில் இப்படி வரட்டும்: "மருத்துவமனை பில் ரூ.1,80,000. பாலிசியின்படி தரப்படாத செலவு ரூ.8,000. ஏற்கப்பட்ட செலவு ரூ.1,72,000. இதிலிருந்து உங்கள் தன்பொறுப்புத் தொகை ரூ.25,000 போக மீதி ரூ.1,47,000. இந்த மீதியில் 10% உங்கள் பங்குத் தொகை: ரூ.14,700. வழங்கும் தொகை ரூ.1,32,300. இந்தப் பாலிசி ஆண்டில் உங்களுக்கு மீதமுள்ள காப்பீட்டுத் தொகை ரூ.3,67,700." 'இந்த மீதியில்' என்ற சொல்லைப் பாருங்கள், வரிசையை அதுதான் சொல்கிறது. கடைசி வரியும் முக்கியம். கம்பெனி கொடுத்த 1,32,300 மட்டும்தான் ஐந்து லட்சத்தில் குறைந்திருக்கிறது; அவர் கட்டியது எதுவும் அதில் குறையவில்லை.

எக்ஸ்குளூஷனுக்கு 'விலக்கு'ன்னு போடறது சரியான தமிழ்தானே சார்?

தமிழ் சரி, இடம் சரியில்லை. எக்ஸ்குளூஷன் என்பது பாலிசி பணம் தராதவை. வரி விலக்கு, கட்டண விலக்கு என்று நாம் கேட்கும் விலக்கெல்லாம் நமக்கு நல்லது. 'கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு 24 மாதம் விலக்கு உண்டு' என்று ஒரு கடிதம் என் கைக்கு வந்தது. எழுதியவர் சொல்ல வந்தது 24 மாதத்துக்குப் பணம் கிடைக்காது என்று. வாடிக்கையாளர் படித்தது 24 மாதத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று. ஒரு எழுத்துப் பிழைகூட அந்த வாக்கியத்தில் இல்லை.

'காப்பில் சேராதவை' என்று எழுதுங்கள். தலைப்பாக வந்தாலும் நிற்கும், வாக்கியத்துக்குள்ளும் வளையும்: 'இது காப்பில் சேராது', 'இது காப்பில் சேரும்'. இந்த இரண்டாவது வசதி பெரிது. எக்ஸ்குளூஷன் வாசகங்களுக்குள்ளேயே விதிவிலக்குகள் இருக்கும். அழகுக்கான அறுவைச் சிகிச்சைக்கு `Excl08` என்ற குறியீடு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் உறுப்பைச் சீரமைப்பது இந்த எக்ஸ்குளூஷனுக்குள் வராது. இதை 'விலக்கிலிருந்து விலக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார்! அழகுக்காகச் செய்யும் அறுவைச் சிகிச்சை காப்பில் சேராது. விபத்துக்குப் பின் செய்யும் சீரமைப்பு காப்பில் சேரும். இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். 'தவிர', 'அன்றி', 'நீங்கலாக' மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்க வேண்டியதில்லை. குறியீட்டை மட்டும் பாலிசியில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் விடுங்கள், தேடிப் பார்க்க அதுதான் உதவும்.

காத்திருப்புக் காலமும் எக்ஸ்குளூஷன் பட்டியல்லதான் வருது. அதையும் 'காப்பில் சேராதவை'ல போட்டுறவா?

பட்டியலில் `Excl01`, `Excl02`, `Excl03` மூன்றும் காலம் முடிந்ததும் தீர்ந்துபோகிறவை: முன்பே இருந்த நோய், குறிப்பிட்ட சில நோய்களும் அறுவைச் சிகிச்சைகளும், முதல் 30 நாள். `Excl04` முதல் வருபவை அப்படிக் காலம் பார்த்துத் தீர்வதில்லை. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் கண்புரைக்கு என்றைக்குமே பணம் வராது என்று ஒருவர் பாலிசியையே விட்டுவிடுவார். அதனால் 'காத்திருப்புக் காலம்' தனித் தலைப்பாக இருக்கட்டும்.

இந்தச் சொல்லிலும் ஒரு இடறல் இருக்கிறது. கிளெய்ம் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மாதக் கணக்கைச் சொல்லாமல் தேதியையே எழுதிவிட்டால் இது தீரும். பாலிசி 15.06.2025 அன்று தொடங்கியது, கண்புரைக்கு 24 மாதம் என்றால்: "கண்புரை அறுவைச் சிகிச்சை 15.06.2027 முதல் காப்பில் சேரும், பாலிசியை இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வந்தால்." நடுவில் காப்பீட்டுத் தொகையை மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தியிருந்தால் ஒரு தேதி போதாது. கூட்டிய இரண்டு லட்சத்துக்குக் காத்திருப்பு உயர்த்திய நாளிலிருந்து புதிதாக ஓடும். மூன்று லட்சத்துக்கு ஒரு தேதி, மேற்கொண்டு இரண்டு லட்சத்துக்கு இன்னொரு தேதி என்று இரண்டையும் எழுதுங்கள். ஏஜெண்டுகள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான்.

டாப்-அப், சூப்பர் டாப்-அப் ரெண்டுலயும் அஞ்சு லட்சம் டிடக்டிபிள்னுதான் இருக்கு. கடிதமும் ஒரே மாதிரி எழுதலாம்லா?

எழுதினால் இரண்டில் ஒருவருக்குத் தப்பான கடிதம் போகும். ஒரே வருடத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரி, முதலில் மூன்று லட்சம், அப்புறம் நான்கு லட்சம் என்று வையுங்கள். டாப்-அப்பில் ஒவ்வொரு தடவையும் ஐந்து லட்சத்தைத் தாண்ட வேண்டும். இரண்டும் தாண்டவில்லை, ஒன்றும் கிடைக்காது. சூப்பர் டாப்-அப்பில் வருடச் செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்தம் ஏழு லட்சம், தன்பொறுப்பு போக இரண்டு லட்சம் கிடைக்கும்.

சொல்லை மாற்றாதீர்கள், முன்னால் ஒரு அடை மட்டும் சேருங்கள்: 'ஒவ்வொரு சிகிச்சைக்குமான தன்பொறுப்புத் தொகை', 'ஆண்டு முழுவதற்குமான தன்பொறுப்புத் தொகை'. 'ஒட்டுமொத்தத் தன்பொறுப்பு' என்று எழுதுகிறார்கள். எதை ஒட்டுமொத்தமாக என்று அதில் தெரியவில்லை, குடும்பம் முழுக்கச் சேர்த்தா என்று கேட்பார்கள்.

ஹாஸ்பிட்டல் கேஷ் பாலிசில டிடக்டிபிள் 'ஒரு நாள்'னு இருக்கு. தொகையே இல்லையே, அங்க என்ன எழுத?

'தன்பொறுப்பு நாள்'. நாள் ஒன்றுக்கு 1,000 ரூபாய், நான்கு நாள் படுக்கை, ஒரு நாள் தன்பொறுப்பு என்றால் மூன்று நாளுக்கு 3,000. மணிக்கணக்கில் இருந்தால் '24 மணி நேரம்' என்று பாலிசியில் உள்ளபடியே போடுங்கள். ராத்திரி பதினொன்றுக்குச் சேர்ந்தவருக்கு ஒரு நாளும் 24 மணி நேரமும் ஒன்றல்ல.

வண்டி இன்சூரன்ஸ் கடிதத்துல 'கட்டாய அதிகப்படித் தொகை'ன்னு வருதே, அது என்ன அண்ணே?

கம்பல்சரி எக்சஸ். எக்சஸ் என்பதைப் பார்த்து யாரோ அதிகப்படி என்று பெயர்த்துவிட்டார்கள், வண்டிக்காரர் இன்னும் கட்ட வேண்டுமாக்கும் என்று நினைக்கிறார். வண்டிப் பாலிசியில் எக்சஸ் என்பதும் டிடக்டிபிள் என்பதும் ஒன்றுதான், அதனால் 'கட்டாயத் தன்பொறுப்புத் தொகை'. சொந்தக் காருக்கு 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000, டூவீலருக்கு 100. பிரீமியம் குறைய வேண்டும் என்று அவராகக் கேட்டு ஏற்றுக்கொண்டது இருந்தால் அது 'விருப்பத் தன்பொறுப்புத் தொகை', கட்டாயத்தோடு கூட இதுவும் போகும்.

இங்கே 'விபத்து ஒன்றுக்கு' என்று சேர்க்க மறக்க வேண்டாம். பம்பர் ஒரு நாளும் கதவு இன்னொரு நாளும் இடித்திருந்தால் அது இரண்டு கிளெய்ம், இரண்டு தடவை தன்பொறுப்பு. தேய்மானத்துக்குப் போனதையும் இதையும் ஒரே வரியில் சேர்க்காமல் தனித்தனி வரியாகக் காட்டுங்கள்.

கம்பெனி அனுப்பற தமிழ்த் தாள்லயே 'கழிவுத் தொகை'ன்னு அச்சாயிருக்கு. நான் வேற மாதிரி எழுதினா வம்புதானே?

வம்புதான். கம்பெனி அச்சிட்ட சொல் இருந்தால், பிடிக்காவிட்டாலும் உங்கள் கடிதத்தில் அதுதான் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், நல்ல சொல்லைவிட ஒரே சொல் அவருக்கு உதவும். சொல்லை விட்டுக்கொடுத்துவிட்டு விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "தகவல் தாளில் 'கழிவுத் தொகை' என்று குறிப்பிட்டிருப்பது, செலவில் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய ரூ.25,000. இது தள்ளுபடி அல்ல." 'விலக்கு' என்று அச்சாகியிருந்தாலும் இதே வழி.

ஆனால் விளக்கத்தில் பாலிசி சொல்லாத ஒன்றைச் சேர்த்துவிடக் கூடாது. காப்பீட்டு வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படும்போது எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகவும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவும் படிப்பது நீதிமன்றங்களில் பழைய வழக்கம். 'எல்லாச் செலவும் கிடைக்கும்' என்று ஆறுதலுக்கு எழுதும் ஒரு வரி, நுகர்வோர் வழக்கில் உங்கள் கையெழுத்தோடு வந்து நிற்கும்.

இத்தனை வருஷமா ஒருத்தருக்கு 'பிடித்தம்'னு எழுதிட்டேன். இப்ப திடீர்னு 'தன்பொறுப்பு'ன்னு மாத்தினா புதுசா ஏதோ கழிக்கறாங்கன்னு நினைக்க மாட்டாரா?

நினைப்பார். அதனால் கிளெய்ம் கடிதத்தில் மாற்றாதீர்கள், பணம் பேசும் நேரம் அது. புதுப்பித்தல் கடிதத்தில் மாற்றுங்கள்: "முந்தைய கடிதங்களில் 'பிடித்தம்' என்று எழுதியதையே இனி 'தன்பொறுப்புத் தொகை' என்று எழுதுகிறோம். தொகையில் மாற்றமில்லை: ரூ.25,000." புதுப்பிக்கும்போது அந்தத் தொகையும் மாறியிருந்தால், இந்த இரண்டு செய்தியையும் ஒரே பத்தியில் போடாமல் பழைய தொகை, புதிய தொகை, எந்தத் தேதியிலிருந்து என்று தனியாக எழுதுங்கள். நடுவில் கிளெய்ம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை பழைய சொல்லே இருக்கட்டும்.